கடன் கொப்பி: திருகோணமலைத் தேத்தண்ணிக் கடை ஒன்றைப் போலி ஆவணப்படமாக எழுதுதல்

ஒரு மனிதர் கமெராவைப் பார்த்து ஒன்றைச் சொல்கிறார். அடுத்த நொடி கமெரா வேறொன்றைக் காட்டுகிறது. கற்பனைக் கதையை உண்மையான ஆவணப்படம் போல எடுக்கும் போலி ஆவணப்பட நகைச்சுவையின் சிரிப்பில் பெரும்பங்கு அந்த ஒட்டில்தான் கிடக்கிறது. நேர்காணலையும் அதற்குப் பின்னால் வரும் வெட்டுக்காட்சியையும் இரண்டு தனி வேலைகளாக எழுதினால் இரண்டும் நன்றாக இருந்தும் படம் சிரிக்காது. இந்த ஒட்டை எப்படிக் கட்டுவது என்பதை ஒரே ஒரு அத்தியாயத்தை வைத்துப் பார்ப்போம். நீளம் 12 நிமிடம். இடம் திருகோணமலை பஸ் நிலையத்துப் பக்கத்தில் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடை. பாத்திரங்கள் நால்வர், நால்வரும் கற்பனை. அத்தியாயத்தின் பெயர் ‘கடன் கொப்பி’.

கதை ஒரு வரிதான். கடை முதலாளி செல்வராசா ‘இன்று முதல் கடன் இல்லை’ என்று பலகை போடுகிறார். அந்தக் கடையில் ஆகக் கூடிய கடன்காரர் அவரே என்பது மாலைக்குள் தெரிய வருகிறது. மற்ற மூவர்: தேத்தண்ணி போடுகிற நிஸ்தார், ஒரு பிளேன்ரீயை வைத்துக்கொண்டு பொழுது போக்குகிற ஓய்வுபெற்ற தபால்கந்தோர் எழுதுவினைஞர் ஒருவர், ஓட்டோ ஓட்டுகிற ரஜீவன்.

கதைக்கு முன்னால் பதில் சொல்லவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கடையை யார் படம் பிடிக்கிறார்கள், ஏன்? பெரும்பாலான முதல் வரைவுகளில் இதற்குப் பதில் இருப்பதில்லை. கமெரா சும்மா அங்கே நிற்கும். அப்படி நின்றால் பாத்திரங்கள் எதற்காக அதனோடு பேசுகிறார்கள், எதை மறைக்கப் பார்க்கிறார்கள் என்று எழுதுபவருக்கே தெரியாமல் போகும். எங்கள் உதாரணத்தில் படப்பிடிப்புக் குழு வந்தது திருகோணமலை இயற்கைத் துறைமுகத்தைப் பற்றி ஆவணப்படம் எடுக்க. துறைமுகத்துக்குள் கமெரா கொண்டுபோக அனுமதிக் கடிதம் வரவேண்டும். கடிதம் இன்னும் வரவில்லை. வரும்வரை ‘நகர வாழ்க்கை’ என்று இந்தக் கடையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதைத் தொடக்கத்தில் திரையில் வரும் ஒரே ஒரு எழுத்துப் பலகையில் சொன்னால் போதும். ஆனால் எழுதுபவருக்கு அது தரும் பலன் பெரிது. செல்வராசாவுக்குத் தன் கடை துறைமுகத்துக்குச் சமமாகப் படத்தில் வரப்போகிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆகவே கமெராவுக்கு முன்னால் அவர் கண்டிப்பான வியாபாரியாக இருக்கவேண்டும். பலகை போட்டதே அதற்காகத்தான். இந்த ஆசை இல்லாவிட்டால் அவர் சொல்லும் பொய்க்குக் காரணம் இல்லை.

முதலில் உண்மைத் தாள்

உரையாடலைத் தொடங்கும் முன் ஒரு தாளில் அன்று உண்மையில் நடந்ததை மட்டும் எழுத வேண்டும். யாருடைய கருத்தும் அதில் வரக்கூடாது. மணி, தொகை, யார் எங்கே நின்றார், அவ்வளவுதான். இந்தத் தாளில்லாமல் நேர்காணல் எழுதினால் பாத்திரங்கள் பொதுவாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள். பொதுவான பேச்சைக் கமெராவால் மறுக்க முடியாது.

எங்கள் தாள் இப்படி இருக்கிறது. மாதத்தின் 30ஆம் நாள், வெள்ளிக்கிழமை. பிளேன்ரீ 40 ரூபாய். முதலாளி ஒரு நாளைக்கு நான்கு பிளேன்ரீ குடிப்பார், காலையில் இரண்டு, பின்னேரம் இரண்டு. கடை ஒரு நாளும் பூட்டுவதில்லை. மாதம் பிறந்த அன்று அவர் நிஸ்தாரிடம் ‘ஆரா இருந்தாலும் எழுதித்தான் குடுக்கவேணும்’ என்று சொல்லியிருக்கிறார். நிஸ்தார் அதைச் சொன்னபடியே செய்திருக்கிறார். 29 நாளுக்கு 116 கோப்பை, இன்று காலை 2, மொத்தம் 118. ஆகவே 4,720 ரூபாய். காலை 6.45க்குப் பலகை ஏறுகிறது. 7.10க்கு ரஜீவன் பலகைக்குப் பிந்திய முதல் கடனைச் சொல்கிறார். 12.15க்கு நிஸ்தார் ஜும்ஆவுக்குப் போகிறார். 1.15க்குத் திரும்புகிறார். இந்த ஒரு மணி நேரம் கொப்பி முதலாளி கையில்.

தொகையை 4,800 என்று வட்டமாக வைக்கலாமே என்று தோன்றும். வைக்கக்கூடாது. 4,800 என்றால் எழுதியவர் நினைத்துப் போட்ட எண் மாதிரி இருக்கும். 4,720 என்றால் யாரோ ஒருவர் இருந்து எண்ணியிருக்கிறார். அதோடு இன்றைய இரண்டு கோப்பை இன்னும் மிச்சம் இருக்கிறது என்ற தகவலும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கடைசிக் காட்சிக்கு அந்த எண் தேவைப்படும்.

வெள்ளிக்கிழமையும் சும்மா போட்டதல்ல. கொப்பி நிஸ்தாரின் கையை விட்டுப் போகவேண்டும், ஆனால் அதற்காக ஒரு விபத்தையோ தற்செயலையோ உருவாக்கக்கூடாது. இந்த ஊரில் தமிழ் முதலாளியின் கடையில் கிண்ணியாக்காரர் ஒருவர் தேத்தண்ணி போடுகிறார் என்றால், வெள்ளி மத்தியானம் ஒரு மணி நேரம் முதலாளிதான் கேத்திலுக்கு முன்னால் நிற்கவேண்டும். ஒவ்வொரு வாரமும் நடப்பதே கதையைத் திருப்பிவிடுகிறது. ஊரின் பழக்கத்திலிருந்து இப்படித் திருப்பம் கிடைக்கும்போது பார்ப்பவர் ‘இது எழுதியது’ என்று உணரமாட்டார்.

நேர்காணல்: படம் பிடிக்கக்கூடிய பேச்சு

செல்வராசாவின் முதல் நேர்காணல் வழக்கமாக வரைவில் இப்படித்தான் வரும்:

> செல்வராசா: கடன் விசயத்தில நான் சரியான கண்டிப்பு. ஆனா உண்மையைச் சொன்னா, சனத்தின்ர முகத்தைப் பாத்தா மனம் இளகிப் போகுது. என்ன செய்யிறது, நான் அப்பிடித்தான்.

வாசிக்கும்போது மோசமில்லை. எடுத்தால் செத்துவிடும். காரணம், தன் குறையைத் தானே சொல்லிவிட்டார். வெட்டுக்காட்சிக்கு வேலை மிச்சமில்லை. அதோடு, தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்த மனிதரைப் பார்த்து நாங்கள் சிரிக்கவேண்டிய தேவையும் இல்லை. திருத்திய வடிவம்:

> செல்வராசா: காலமை ஆறேமுக்காலுக்குப் பலகை போட்டாச்சு. போட்டதில இருந்து ஒரு சதம் கடன் போகேல்லை.

இதில் நேரமும் அளவும் இருக்கின்றன. இரண்டையும் கமெராவால் சரிபார்க்க முடியும். அவர் தன்னைப் பற்றி எந்தக் குணத்தையும் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறார். நடந்ததாகச் சொல்வதுதான் பொய்யாக முடியும். உடனே வெட்டு:

> பலகைக்கு ஆணி அடிக்கிறார் செல்வராசா. பலகை சரியாமல் இருக்க அதன் கீழ் விளிம்பை ஒரு கையால் தாங்கிக்கொண்டு நிற்கிறார் ரஜீவன். மறுகையில் தேத்தண்ணிக் கிளாஸ். பின்னால் நிஸ்தார் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறார். பேச்சு இல்லை. சுத்தியல் சத்தம் மட்டும். 4 செக்கன்.

நேர்காணல் எப்போது எடுக்கப்பட்டது என்பதை ஒவ்வொன்றின் தலைப்பிலும் எழுதிவிட வேண்டும்: ‘சம்பவத்துக்கு முன்’, ‘நடக்கும்போது’, ‘பின்’. இதைச் செய்யாத திரைக்கதைகளில் எல்லா நேர்காணலும் தானாகவே ‘பின்’ ஆகிவிடும். எல்லாம் முடிந்த பிறகு பேசுகிறவருக்கு முடிவு தெரியும். அவர் விளக்கமளிப்பார், வருத்தப்படுவார், கதையை எடுத்துச் சொல்வார். உடைந்துபோக அவரிடம் நம்பிக்கை எதுவும் இருக்காது. இந்த அத்தியாயத்தில் மொத்தம் ஏழு நேர்காணல். நான்கு ‘முன்’, இரண்டு ‘நடக்கும்போது’, ஒன்றே ஒன்று ‘பின்’. அந்த ஒன்றும் முதலாளியுடையது அல்ல.

நீளத்தைப் பொறுத்தவரை ஒரு நேர்காணலுக்கு 25 செக்கன் உச்சம். பெரும்பாலானவை 10 செக்கனுக்குள் முடியவேண்டும். தாளில் பார்த்து இதைக் கணிக்க முடியாது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாக வாசிக்கத்தான் வேண்டும். வாசிக்கும்போது இன்னொன்றும் தெரியும். நேர்காணல் கதையை நகர்த்துகிறதா, இல்லையா என்று. ‘பிறகு நிஸ்தார் பள்ளிக்குப் போனார், நான் கடையைப் பாத்தனான்’ என்று முதலாளி சொல்கிறார் என்றால், படம்பிடிக்கவேண்டிய காட்சியை எழுதுபவர் வாயால் சொல்லித் தப்பியிருக்கிறார். அந்த வரியை எடுத்துவிட்டுக் காட்சியை எழுதவேண்டும்.

கேள்வி கேட்பவரின் குரல் ஒரு அத்தியாயத்தில் இரண்டு முறைக்கு மேல் கேட்கக்கூடாது என்பது எங்கள் கணக்கு. அதிகம் கேட்டால் அவரும் ஒரு பாத்திரமாகிவிடுவார், பிறகு அவருக்கும் ஒரு பெயர், குணம் என்று எழுதவேண்டி வரும். ஆகவே பதில் நடுவிலிருந்து தொடங்கலாம். நிஸ்தாரின் முதல் நேர்காணல் முழுவதும் இவ்வளவுதான்:

> நிஸ்தார் (கேத்திலுக்குப் பக்கத்தில் நின்றபடி, ஆத்திக்கொண்டே): எழுதச் சொன்னாரு. எழுதுறேன்.

அவர் ஏன் நிற்கிறார் என்பதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொருவரும் எங்கே இருந்து பேசுகிறார் என்பதை ஒருமுறை தீர்மானித்துவிட்டு மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். முதலாளி லாச்சிக்குப் பின்னால், தலைக்கு மேல் நாட்காட்டி தெரிய. எழுதுவினைஞர் வாங்கில். ரஜீவன் தன் ஓட்டோவின் முன் ஆசனத்திலிருந்து பின்னால் திரும்பி, பயணியோடு பேசுவது போல. நிஸ்தார் மட்டும் இருப்பதேயில்லை. வேலையை விட்டுவிட்டு நேர்காணல் கொடுப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. இதை அவர் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

முகம் மாறாமல் சொல்வது என்பதைத் திரைக்கதையில் ‘முகத்தில் உணர்ச்சி இல்லை’ என்று எழுதினால் நடிகர் உணர்ச்சி இல்லாததை நடிக்கத் தொடங்குவார். மரக்கட்டை மாதிரி ஒரு முகம் வரும். அதற்குப் பதிலாகக் கைக்கு வேலை கொடுங்கள். நிஸ்தார் துணி வடியில் சாயத்தை இறக்குகிறார், இரண்டு குவளைக்கும் நடுவில் ஆத்துகிறார், நுரை கிளாஸின் விளிம்புக்கு வரும்போது நிறுத்துகிறார். அந்த வேலையில் கவனம் இருக்கும்போது முகம் தானாகவே அமைதியாகிவிடும். ஒரு சிக்கல் உண்டு. நுரை ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிடும். அடுத்த தடவை எடுக்கும்போது கிளாஸில் அளவு மாறியிருக்கும், வெட்டி ஒட்டினால் கண்ணில் குத்தும். ஆகவே நிஸ்தாரின் நேர்காணல்களை ஒரே எடுப்பில் முடியக்கூடிய நீளத்துக்கே எழுதுகிறோம். அவர் குறைவாகப் பேசுவதற்குப் பாத்திரக் காரணம் ஒன்று, கிளாஸ் காரணம் ஒன்று.

வெட்டுக்காட்சி: குறைவாகக் காட்டுவது

வெட்டுக்காட்சியில் பொதுவாக நடக்கும் பிழை, சொன்னதையே திரும்பக் காட்டுவது. ரஜீவன் ‘எனக்கு இங்க கொஞ்சம் கடன் கிடக்கு’ என்று சொல்ல, கொப்பியில் அவர் பெயர் காட்டப்பட்டால், ஒரே தகவல் இரண்டு தடவை வருகிறது. யாரும் சிரிக்கமாட்டார்கள். இரண்டாவது பிழை, எதிர்மாறைப் பெரிதாக்குவது. கொப்பி முழுவதும் சிவப்பு மையில் அவர் பெயர், அதைப் பார்த்து நிஸ்தார் தலையில் கைவைப்பது போன்றவை. அது வேறு வகை நகைச்சுவை. ஆவணப்படக் கமெராவுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் கிடைக்காது.

எங்கள் வடிவம்:

> ரஜீவன் (ஓட்டோவில், திரும்பி): முதலாளிக்கு என்னில நல்ல நம்பிக்கை. மற்ற ஆக்களோட என்னைச் சேக்கிறேல்லை.
>
> வெட்டு: கடைத் தட்டு. ஒரு கொப்பி. உறையில் ‘கடன்’. அதற்குப் பக்கத்தில் அதே அளவில் இன்னொரு கொப்பி. உறையில் ‘ரஜீவன்’. 3 செக்கன்.

அவர் சொன்னது பொய்யும் அல்ல. உண்மையிலேயே மற்ற ஆட்களோடு அவரைச் சேர்க்கவில்லை. பேச்சும் படமும் இரண்டும் உண்மையாக இருந்தும் ஒன்றையொன்று கவிழ்ப்பது, பச்சைப் பொய்யைக் காட்டிக்கொடுப்பதைவிட நன்றாக வேலைசெய்யும். ஒரு அத்தியாயத்தில் பொய்யைக் காட்டிக்கொடுக்கும் வெட்டு இரண்டு மூன்றுக்கு மேல் வந்தால் பார்ப்பவர் ஒவ்வொரு நேர்காணலின் முடிவிலும் அதையே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். எதிர்பார்த்தால் முடிந்தது.

எழுதுவினைஞரின் வெட்டு நேரத்தை வைத்துக் கட்டியது:

> எழுதுவினைஞர்: ஒரு பிளேன்ரீ. பேப்பரை ஒருக்காப் பாத்துட்டு எழும்பிடுவன். கடைக்காரருக்கும் இடம் வேணுமெல்லே.
>
> வெட்டு: வாங்கில் அவர். நிழல் இடப்பக்கம் நீண்டு கிடக்கிறது. கிளாஸ் பாதி. 2 செக்கன்.
>
> வெட்டு: அதே சட்டகம். அவர் அப்படியே. நிழல் வலப்பக்கம். கிளாஸ் பாதி. 3 செக்கன்.

இதை எடுக்க உண்மையான நிழல் வேண்டும். விளக்கு வைத்துச் செய்தால் கள்ளம் தெரிந்துவிடும். வெயில் காலையில் டச்சுக் குடாப் பக்கத்திலிருந்து ஏறும், பின்னேரம் எதிர்ப்பக்கம் சாயும். கடை வாங்கு வடக்கோ தெற்கோ பார்த்துக் கிடந்தால்தான் நிழல் பக்கம் மாறும். கிழக்கு பார்த்த வாங்கில் நிழல் பின்னுக்கும் முன்னுக்கும்தான் போகும், படத்தில் தெளிவாகத் தெரியாது. ஆகவே கடையைத் தெரிவு செய்த பிறகு இந்த வெட்டை எழுதவேண்டும், அல்லது இந்த வெட்டுக்காகக் கடையைத் தெரிவு செய்யவேண்டும். காலை 6.45க்கு ஒரு எடுப்பு, பின்னேரம் 4.30க்கு ஒரு எடுப்பு. கமெராத் தாங்கியின் மூன்று காலுக்கும் நிலத்தில் சுண்ணக்கட்டியால் அடையாளம், வாங்கின் காலுக்கும் அடையாளம். கிளாஸில் சாயத்தின் மட்டத்தை வெளிப்புறம் ஒரு புள்ளியாகக் குறித்துவைத்தால் பின்னேரம் அதே அளவு ஊற்றலாம். ஐந்து செக்கனுக்கு ஒரு நாள் முழுவதும் போகிறது என்று தயாரிப்பாளர் முகம் சுளிப்பார். இடையில் மற்றக் காட்சிகளை எடுத்துக்கொள்ளலாம்.

நீளத்தை எழுதும்போதே செக்கனில் எழுதிவிடுவது நல்லது. 2இலிருந்து 4 வரை போதும். எங்கே வெட்டுவது என்பதையும் எழுதலாம். முதலாளி பேசும்போது கடைசிச் சொல் முடிந்த உடனேயே வெட்டு. அவர் நிறுத்திப் பெருமைப்பட நேரம் கொடுக்கக்கூடாது. எழுதுவினைஞருக்கு மாறாக, சொல் முடிந்த பிறகு அரைச் செக்கன் விட்டு வெட்டு. அவர் தன் வார்த்தையைத் தானே கேட்டுத் திருப்திப்படுகிற மனிதர். 25 சட்டகம் ஒரு செக்கன் என்று எடுக்கும்போது இந்த அரைச் செக்கன் 12 அல்லது 13 சட்டகம். தொகுப்பாளர் இதை மாற்றுவார், மாற்றட்டும். ஆனால் வித்தியாசம் ஏன் என்று திரைக்கதையில் ஒரு வரி இருந்தால் எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் வெட்டமாட்டார்.

மான் பற்றி ஒரு சொல். திருகோணமலையில் புள்ளிமான்கள் கோட்டைக்குள்ளும் நகரத் தெருவிலும் சும்மா திரியும், கடை வாசலுக்கும் வரும். வெளியூர்ப் பார்வையாளருக்கு அது ஒன்றே சிரிப்பு. உள்ளூர்க்காரருக்கு மான் நிற்பது செய்தியே அல்ல. ஆகவே மானைக் காட்டுவதில் நகைச்சுவை இல்லை, யாரும் அதைக் கவனிக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது. முதலாளி ‘காசு குடுக்காத ஒருத்தரும் இண்டைக்குக் கடைக்குள்ள வரேலாது’ என்கிறார். பின்னால் ஒரு மான் உள்ளே வந்து, குப்பைக் கூடையை மோந்துவிட்டு, வெளியே போகிறது. இதற்கு வெட்டே வேண்டாம், பின்னணியில் நடந்தால் போதும். ஆனால் மானுக்குச் சொல்லி நடிக்கவைக்க முடியாது. அதை வரவழைக்கப் பணிஸ் போடுவதும் கூடாது. கடைச் சாப்பாடும் அதைச் சுற்றிய பொலித்தீனும் அவற்றின் வயிற்றுக்குள் போவது இந்த ஊரில் ஏற்கெனவே இருக்கிற பிரச்சினை. முதலில் தூர வில்லையால் மான்களை அவை செய்வதைச் செய்தபடி எடுத்துவைத்துக்கொண்டு, பிறகு அதற்குப் பொருத்தமாக நேர்காணல் வரியை எழுதுவதே நடைமுறை. திரைக்கதையில் ‘மான், வராவிட்டால் காகம்’ என்று எழுதிவிடுகிறோம். காகம் வராத கடை இல்லை.

கமெரா எங்கே நிற்கிறது

ஒரே கமெரா என்று முடிவெடுத்தால் அதற்குப் பணிந்தே எழுதவேண்டும். இருவர் பேசும்போது முகம் மாறி முகம் வெட்டக்கூடாது. கமெரா திரும்பவேண்டும், திரும்புவதற்குள் ஒன்று தவறிப்போகவேண்டும். 7.10க்கு ரஜீவன் கடன் கேட்கும் காட்சியில் கமெரா ரஜீவனில் இருக்கிறது. முதலாளியின் பதில் கேட்கவில்லை, ஏனென்றால் அவர் பதில் சொல்லவில்லை. கமெரா அவரிடம் திரும்பும்போது அவர் பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். திரும்ப ரஜீவனிடம் வரும்போது கையில் கிளாஸ் இருக்கிறது. கொடுத்ததை நாங்கள் பார்க்கவேயில்லை.

முதலாளியும் நிஸ்தாரும் தாழ்ந்த குரலில் பேசும் காட்சிக்குக் கமெரா வெளியே வாங்குப் பக்கம் நின்று, வடையும் றோல்ஸும் வைத்த கண்ணாடிப் பெட்டிக்கு ஊடாகப் பார்க்கிறது. இரண்டு வடைக்கு நடுவில் முதலாளியின் வாய் மட்டும் தெரிகிறது. சட்டையில் குத்திய ஒலிவாங்கியை அவர் மறந்துவிட்டார், ஆகவே சத்தம் தெளிவு. ஆவணப்படக் குழுவுக்குக் கிடைக்கக்கூடியது இவ்வளவுதான். இதைத் தாண்டி, லாச்சிக்குள்ளிருந்து முதலாளியின் முகத்தைப் பார்ப்பது போன்ற கோணம் ஒன்று வந்தால் போதும், அதுவரை கட்டிய நம்பிக்கை போய்விடும்.

கமெராவை நேரே பார்ப்பதை ரேசன் மாதிரி அளந்து கொடுக்கவேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் ஒவ்வொரு சிரிப்புக்குப் பிறகும் யாரையாவது கமெராவைப் பார்க்கவைப்பார்கள். இந்த அத்தியாயத்தில் நேர்காணலுக்கு வெளியே மூன்றே பார்வை. முதலாளி பலகை அடித்த பிறகு ஒருமுறை, பாராட்டை எதிர்பார்த்து. ரஜீவன் ஒருமுறை, சாட்சிக்கு அழைப்பது போல. நிஸ்தார் கடைசிவரை பார்ப்பதில்லை. அவருடைய ஒரே பார்வை கடைசிக் காட்சிக்கு வைத்திருக்கிறோம்.

ஊரின் மூன்று சமூகமும் வரும் கடை இது. உச்சரிப்பை வைத்துச் சிரிப்பெடுப்பது இங்கே மிக எளிது, மிக மலிவு. பேச்சு வழக்கை எழுத்தில் பிழிந்து எழுதாமல், கிண்ணியா நடிகர் தன் வாய்க்கு வரும்படி சொல்லட்டும் என்று விட்டுவிடுவது நல்லது. பள்ளிக்குப் போவதையும் அப்படியே: பாங்கு சத்தம் கேட்கிறது, நிஸ்தார் கையைத் துடைத்துக்கொண்டு போகிறார், கமெரா அவரைப் பின்தொடர்வதில்லை. சிரிப்பு கடையில் மிஞ்சிய ஆளிடம்.

மத்தியானம் 12.15

இந்த ஒரு மணி நேரத்துக்கு மூன்றரை நிமிடம் கொடுத்திருக்கிறோம். முதலாளி தேத்தண்ணி போடுகிறார். முன்னால் இருந்த நேர்காணல் ஒன்றில் ‘இந்தக் கடையை நான் தனியாத்தான் தொடங்கினனான்’ என்று சொல்லியிருக்கிறார். இப்போது சீனிப் போத்தல் எது என்று மூன்று மூடியைத் திறந்து பார்க்கிறார். இதற்கு நேர்காணலும் இல்லை, வெட்டும் இல்லை. கமெரா நிற்கிற இடத்திலேயே நின்று பார்க்கிறது. எல்லா இடத்திலும் வெட்டிக்கொண்டே போனால் படம் மூச்சு வாங்கும். நடுவில் ஒரு நீளமான, வெட்டில்லாத துண்டு இருந்தால்தான் முன்னும் பின்னும் உள்ள வெட்டுகள் கூராகத் தெரியும். எழுதுவினைஞர் அவர் போட்ட தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸை வாங்கின் தூரப் பக்கத்துக்கு மெதுவாகத் தள்ளுகிறார்.

பிறகு கடன் எழுதக் கொப்பியைத் திறக்கிறார் முதலாளி. தன் பெயரைக் காண்கிறார். இங்கே எழுதுபவருக்கு வரும் ஆசை, உடனே ஒரு நேர்காணல் வைத்து அவர் மனதைக் கேட்பது. அதை வைத்தால் காட்சி உடையும். அவர் பக்கத்தைப் புரட்டுகிறார். இன்னும் புரட்டுகிறார். கொப்பியை மூடிவிட்டு, கடன் கேட்டு வந்தவரிடம் ‘கொண்டு போங்கோ, எழுதத் தேவையில்லை’ என்கிறார். தலைக்கு மேல் பலகை.

நிஸ்தார் திரும்பிய பிறகு வரும் கடைசிக் காட்சி இது:

> செல்வராசா: நிஸ்தார், இதென்ன?
>
> நிஸ்தார்: ஆரா இருந்தாலும் எழுதச் சொன்னீங்க.
>
> செல்வராசா கமெராவின் பக்கம் பார்க்கப் போகிறார், பார்க்கவில்லை. லாச்சியைத் திறக்கிறார். ஒரு ஐயாயிரம் ரூபாய்த் தாளை எடுத்து நிஸ்தாரிடம் நீட்டுகிறார்.
>
> நிஸ்தார் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதே லாச்சிக்குள் வைக்கிறார். 280 ரூபாய் எண்ணி எடுத்துக் கொடுக்கிறார். கொப்பியில் பெயரை வெட்டுகிறார்.
>
> செல்வராசா 280 ரூபாயைச் சட்டைப் பையில் வைக்கிறார். லாச்சியைப் பூட்டுகிறார்.
>
> எழுதுவினைஞர் (வாங்கிலிருந்து, பேப்பரை விட்டுக் கண்ணெடுக்காமல்): இப்ப பெட்டியில 280 ரூபாய் குறையுது.
>
> நிஸ்தார் கமெராவைப் பார்க்கிறார்.

எழுதுவினைஞரைத் தபால்கந்தோரில் வேலைசெய்தவராக வைத்தது இந்த வரிக்காகத்தான். பெட்டிக் கணக்கு சரிபார்த்தே காலம் கழித்தவர். அவர் சொல்வது சரிதான்: தாள் வெளியே போய் உள்ளே வந்துவிட்டது, மிச்சக் காசு மட்டும் வெளியே போயிற்று. பார்ப்பவருக்கு இது பிடிபட இரண்டு செக்கன் எடுக்கும். அதற்காகவே 280 ரூபாயைக் கொடுப்பது தெளிவாக, ஒவ்வொரு தாளாகத் தெரியவேண்டும்; கமெரா அப்போது முகத்துக்குப் போகக்கூடாது. முன்னைய வரைவொன்றில் முதலாளி கொப்பியைக் கிழித்தார். கிழிப்பது கோபம், கோபத்தில் கணக்கு முடிந்துவிடும். காசைக் கட்டினால் அவர் தன் கண்டிப்பைக் காப்பாற்றிக்கொள்கிறார், கடைக்கு நட்டம்.

‘பின்’ என்று வைத்திருந்த ஒரே நேர்காணல் ரஜீவனுக்கு. பெயர் எழுத்துகள் ஓடும்போது வருகிறது, 8 செக்கன்:

> ரஜீவன்: அந்தக் கொப்பியில இப்ப இடம் கிடக்காம். அண்ணை என்னையும் அதில சேக்கப்போறாராம்.

வாசித்துச் சோதிக்கும்போது நால்வரையும் நான்கு பேர் வாசிக்கட்டும், வெட்டுக்காட்சிகளை ஐந்தாவது ஆள் சுவையில்லாத குரலில் வாசிக்கட்டும். முதல் தடவை வெட்டுகளை விட்டுவிட்டு நேர்காணல்களை மட்டும் வாசிக்கவேண்டும். அப்போதே ஒரு வரிக்குச் சிரிப்பு வந்தால் அந்த வரியின் பின்னால் உள்ள வெட்டு மேலதிகம், அல்லது வரி தன்னையே காட்டிக்கொடுக்கிறது. பெரும்பாலும் வரியைத்தான் மாற்றவேண்டி வரும். எழுதியது ஒன்பது வெட்டு என்றால் குறைந்தது இருபது வெட்டு எடுத்து வைத்திருங்கள்: பூட்டிய லாச்சி, காலியான வாங்கு, ஆணியில் சரிந்த பலகை. நேர்காணல் ஒன்றை நடுவில் சுருக்கவேண்டி வந்தால் ஒட்டு மறைக்க இவைதான் உதவும். விலைப்பலகையை மட்டும் எந்த வெட்டிலும் கிட்டத்தில் காட்டாதீர்கள். தேத்தண்ணி விலை இந்த நாட்டில் எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பது 2022இல் கடைக்குப் போன எல்லோருக்கும் தெரியும். 40 ரூபாய் என்பதை ஒரே ஒரு வரியில் ஒருவர் சொல்லட்டும். விலை மாறினால் அந்த வரியை மட்டும் திரும்பப் பதிந்து, 118ஆல் பெருக்கி, கொப்பிப் பக்கத்தையும் மிச்சக் காசையும் அதற்கேற்ப மாற்றி எடுக்கலாம். 42 ரூபாய்க்கு மேல் போனால் ஐயாயிரம் தாள் ஒன்று போதாது.